சுவர் வரைபடத்துக் கிரீன்லாந்து: மெர்கேட்டர் கோட்டுச்சட்டம் வந்த வழி

வகுப்பறைச் சுவர்களில் நெடுங்காலமாகத் தொங்கிவரும் ஓர் உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குப் பரந்து கிடக்கும். உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்காவின் பரப்போ 3 கோடிக்குச் சற்று மேல், அதாவது பதினான்கு மடங்கு. இந்தியாவோடு வைத்துப் பார்த்தாலும் கிரீன்லாந்து மூன்றில் இரண்டு பங்குதான். இதை வரைந்தவரின் கவனக்குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. கவனக்குறைவு அல்ல, தெரிந்தே கொடுத்த விலை என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

உருண்டையைத் தாளில் விரிக்கும் முறையைத் தமிழ்ப் பாடநூல்கள் கோட்டுச்சட்டம் என்றும் எறியம் என்றும் சொல்லும். ஃபிளாண்டர்ஸில் பிறந்த கெரார்டு மெர்கேட்டர் 1569இல் டியூஸ்பர்க் நகரில் வெளியிட்ட உலக வரைபடம் 18 தாள்களை ஒட்டிப் பார்க்க வேண்டிய அளவுக்குப் பெரியது. கடலோடிகளின் பயன்பாட்டுக்கு ஏற்பத் திருத்தி அமைக்கப்பட்டது என்று அதன் நீண்ட தலைப்பே அறிவித்தது. மாலுமியின் தேவை எளியது. திசைகாட்டி முள் காட்டும் ஒரே கோணத்தில் கப்பலைச் செலுத்தினால் எங்கே போய்ச் சேரலாம் என்பதை அளவுகோல் வைத்து ஒரு நேர்கோடாக வரைந்து பார்க்க வேண்டும். உருண்டையில் அந்தப் பாதை துருவத்தை நோக்கிச் சுருண்டு செல்லும். அதைத் தாளில் நேராக்குவதே மெர்கேட்டர் செய்த வேலை.

உலக உருண்டையில் தீர்க்கக்கோடுகள் துருவத்தை நெருங்க நெருங்கக் குவிகின்றன. மெர்கேட்டர் அவற்றை இணைகோடுகளாக நிறுத்தினார். 60 டிகிரி அட்சக்கோட்டின் உண்மையான நீளம் நிலநடுக்கோட்டில் பாதி. தாளில் இரண்டும் சமம் என்பதால், அங்கே நிலம் கிழக்கு மேற்காக இரு மடங்கு இழுபடுகிறது. அதோடு விட்டால் கோணங்கள் கெட்டுவிடும். எனவே வடக்கு தெற்காகவும் இரு மடங்கு இழுத்தார். கோணம் பிழைத்தது, பரப்பு நான்கு மடங்கானது. கிரீன்லாந்தின் நடுப்பகுதியான 72 டிகிரி அருகே நீளம் 3.2 மடங்கும் பரப்பு பத்து மடங்குக்கு மேலும் பெருகும். இந்தியா அமைந்துள்ள அட்சங்களில் பரப்பு ஆறில் ஒரு பங்கு அளவே கூடுவதால், இந்தியாவைவிடச் சிறிய தீவு தாளில் ஆறு மடங்குக்கும் பெரிதாகத் தோன்றுகிறது. துருவத்திலோ இழுப்புக்கு எல்லையே இல்லை. அந்தப் புள்ளியை இந்தத் தாளில் குறிக்கவே முடியாது.

அட்சக்கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற கணக்கை மெர்கேட்டர் வெளியிடவில்லை. ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்வர்டு ரைட் 1599இல் அதை அட்டவணையாகத் தந்தார். ஒவ்வொரு கலைக்கும், அதாவது டிகிரியின் அறுபதில் ஒரு பங்குக்கும், இழுப்பு எவ்வளவு என்று கண்டு அவற்றைக் கூட்டிக்கொண்டே போனார். நுண்கணிதம் பிறக்காத காலத்தில் கையால் செய்த தொகையீடு அது. மெர்கேட்டருக்குக் கிடைத்த புகழில் பாதியாவது ரைட்டுக்குச் சேர வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அட்டவணையின் தடத்தை இன்றும் அளவுகோலால் பிடிக்கலாம். உங்கள் வரைபடத்தில் நிலநடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி வரை 10 செ.மீ. இருந்தால், 30 முதல் 60 வரை எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 14 செ.மீ. வந்தால் அது மெர்கேட்டர். அதற்கு மேல் 80 டிகிரி வரையுள்ள வெறும் 20 டிகிரியே இன்னொரு 20 செ.மீ. பிடித்துக்கொள்ளும். கோடுகள் வளைந்திருந்தால் அது வேறு சட்டம். ஆனால் வளைந்த சட்டங்கள் எல்லாமே பரப்பைக் காப்பவை அல்ல. நேஷனல் ஜியாகிரபிக் சங்கம் 1922 முதல் 1988 வரை பயன்படுத்திய வான் டெர் கிரின்டன் சட்டத்திலும் கிரீன்லாந்து பருத்தே இருந்தது.

கடலுக்கென்று பிறந்த வரைபடம், கடலைப் பார்த்திராத மாணவர்களின் சுவருக்கு வந்ததில்தான் சிக்கல். சுவரில் யாரும் கப்பல் விடுவதில்லை, நாடுகளை ஒப்பிடுகிறார்கள். 1973இல் ஜெர்மானியரான ஆர்னோ பீட்டர்ஸ், ஐரோப்பாவைப் பெரிதாக்கும் வரைபடம் இது என்று சாடி, பரப்பைச் சமமாகக் காட்டும் சட்டமொன்றைப் பான் நகரில் முன்வைத்தார். அதே அமைப்பை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855இலேயே விளக்கியிருந்தார். பீட்டர்ஸின் தாளில் பரப்பு சரிதான். வடிவம்தான் பலியானது. நிலநடுக்கோட்டருகே நிலம் அகலத்தைப்போல் இரு மடங்கு உயரத்துக்கு நீள்வதால் ஆப்பிரிக்கா உலரப்போட்ட துணிபோலத் தொங்கும். கோணம், பரப்பு இரண்டையும் ஒரே தாளில் காப்பது கணிதப்படி இயலாது. 1998 முதல் நேஷனல் ஜியாகிரபிக் ஏற்றுக்கொண்ட விங்கல் டிரிப்பல் சட்டம் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. சுவருக்கு அதுவே ஏற்றது என்பேன்.

மெர்கேட்டர் அதற்குள் வேறு இடம் தேடிக்கொண்டது. தெருமுனைகள் தாளிலும் செங்கோணமாகவே தெரிய வேண்டும் என்பதால் இணைய வரைபடங்கள் அதன் ஒரு வடிவத்தையே எடுத்துக்கொண்டன. உலகம் முழுவதும் ஒரு சதுரத்தில் அடங்குவதற்காக அவை 85.05 டிகிரியோடு வெட்டப்படுகின்றன. இரு துருவங்களும் அந்தச் சதுரத்துக்கு வெளியே இருக்கின்றன.