ஹாங்காங் போறீங்களா? "நாய்ச்சா" கேட்கத் தெரியுமா?

"நாய்ச்சா!"

ஹாங்காங் கடையில் பக்கத்து மேசைக்காரர் இப்படிக் கூப்பிட்டால் திகைக்க வேண்டாம். கேண்டனீஸ் மொழியில் "நாய்" என்றால் பால், "ச்சா" என்றால் தேநீர். அவர் கேட்டது பால் தேநீர்தான்!

அது கிடைக்கும் இடம் "ச்சா ச்சான் டெங்". தேநீரோடு ரொட்டி, நூடல்ஸ், சோறு எல்லாம் விற்கும் உணவகம். நம்ம கோப்பிக் கடை மாதிரிதான், ஆனால் வேகம் அதிகம். மெனு பெரும்பாலும் சீன எழுத்தில் இருக்கும். யோசித்துக்கொண்டே நின்றால், பணியாளர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

என்ன செய்யலாம்?

உட்காரும்போது...

வாசலில் "கெய் டோ வாய்?" என்று கேட்பார்கள். எத்தனை பேர் என்று அர்த்தம். விரல்களைக் காட்டினாலே போதும். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். அங்கே அது சாதாரணம்.

உட்கார்ந்ததும் ஒரு குவளையில் வெந்நீரோ வெளிறிய தேநீரோ வரும். அது நீங்கள் கேட்ட பானம் இல்லை. சிலர் அதைக் குடிப்பார்கள், சிலர் கரண்டியையும் சாப்ஸ்டிக்ஸையும் அதில் அலசுவார்கள்.

பானம்: முதலில் சூடா, குளிரா?

பானத்தின் பெயருக்கு முன்னால் "யீட்" (சூடு) அல்லது "டுங்" (குளிர்) என்று சேர்க்க வேண்டும்.

- யீட் நாய்ச்சா: சூடான பால் தேநீர்
- டுங் லிங் ச்சா: குளிர்ந்த எலுமிச்சைத் தேநீர்
- யூன் யோங்: காப்பியும் பால் தேநீரும் கலந்தது

இனிப்பைக் குறைக்க, கடைசியில் "சியூ டிம்" சேர்த்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் "கோப்பி சியூ டாய்" கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபம். ஐஸ் வேண்டாம் என்றால் "ஜௌ பிங்".

ஒன்றைக் கவனிங்க. உணவோடு பானமும் சேர்ந்த செட்டில், குளிர்பானத்துக்குப் பெரும்பாலும் சில டாலர் கூடுதல். பில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால், காரணம் அதுவாக இருக்கலாம்.

உணவு: "சாத்தே" என்றதும் ஏமாறாதீங்க

காலை உணவு செட்டில் அடிக்கடி வருவது "சா டே ஙௌ யுக் மின்". "சா டே" என்றால் நமக்குத் தெரிந்த சாத்தேதான். ஆனால் அடுத்து வரும் "ஙௌ யுக்" மாட்டிறைச்சி! கோழிச் சாத்தே ஞாபகத்தில் கேட்டுவிட்டால் சிக்கல்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டிய வாக்கியம்:

"ங்ஓ ம் சிக் ஙௌ யுக்" (நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை)

"ங" வாயில் வரவில்லையா? "ஔ யுக்" என்றாலும் புரியும். ஹாங்காங்கில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பன்றி இறைச்சிக்கு "ஜூ யுக்". மெக்கரோனி சூப்பில் பெரும்பாலும் ஹாம் துண்டுகள் இருக்கும். இறைச்சித் துண்டை எடுத்துவிடச் சொன்னாலும் சூப்பில் அதன் சாறு இருக்கும். அதனால் ஹலால் உணவு மட்டும் சாப்பிடுபவர்களும் சைவர்களும் இந்த வாக்கியங்களை மட்டும் நம்பக்கூடாது. ஹலால் சான்றிதழ் பெற்ற கடையையோ சைவ உணவகத்தையோ தேடுவதே பாதுகாப்பு.

மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்களுக்கு "போ லோ யௌ" இருக்கிறது. மேலே மொறுமொறு இனிப்புப் படலம் உள்ள சூடான பன்னை வெட்டி, நடுவே ஒரு தடித்த துண்டு வெண்ணெயை வைத்துத் தருவார்கள். "போ லோ" என்றால் அன்னாசி. ஆனால் பன்னில் அன்னாசி கிடையாது! அந்தப் படலத்தின் வெடிப்புகள் அன்னாசித் தோல் மாதிரி தெரிவதால் வந்த பெயர்.

சேர்த்துச் சொல்லிப் பார்க்கலாமா?

பிற்பகல் 3 மணி. தனியாகப் போயிருக்கிறீர்கள். கையை லேசாக உயர்த்தி:

"ம்கோய்! யட் கோ போ லோ யௌ, யட் புய் டுங் லிங் ச்சா, சியூ டிம்."

"யட் கோ" என்றால் ஒன்று, "யட் புய்" என்றால் ஒரு குவளை. உணவு, பானம், மாற்றம் என்ற வரிசையில் சொன்னால் பணியாளர் கிறுக்கிக்கொண்டே போய்விடுவார். சில நிமிடங்களில் எல்லாம் மேசைக்கு வந்துவிடும். எலுமிச்சைத் துண்டுகளைக் கரண்டியால் நசுக்கிவிட்டுக் குடிங்க. இல்லாவிட்டால் புளிப்பே தெரியாது.

"ம்கோய்" ஒரு பலவேலைச் சொல். ஆளைக் கூப்பிட, "தயவுசெய்து" என்று கேட்க, பரிமாறியதும் நன்றி சொல்ல, எல்லாவற்றுக்கும் அதுதான்.

கடைசியில் பில்

"ம்கோய், மாய் டான்!"

பல கடைகளில் இதைச் சொல்லவே தேவையில்லை. மேசையில் வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு வாசலோரக் கவுண்டரில் பணம் கட்டலாம். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். சில கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கும். அதனால் சிறிய நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள்.

கிளம்பும்போது மறுபடியும் ஒரு "ம்கோய்". அவ்வளவுதான்!