தைராய்டு மாத்திரை போட்டதும் காபி குடிக்கிறீர்களா? மருந்தில் கால்வாசிக்கு மேல் வீணாகும்

சுந்தரபாண்டியம்,

விடிந்தும் விடியாமலும் எழுந்து, வாய் கொப்பளித்து, தைராய்டு மாத்திரையை வாயில் போட்டு, அடுத்த 5 நிமிடத்தில் சூடாக ஒரு டம்ளர் காபி. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் மில்லுக்கும் வயல் வேலைக்கும் போகும் பெண்கள் பலரது காலைப்பொழுது இப்படித்தான் தொடங்குகிறது. சிலர் தண்ணீருக்குப் பதில் காபியிலேயே மாத்திரையை விழுங்கி விடுகிறார்கள்.

"மாத்திரையை ஒரு நாள் விடாம போடுறேன். ஆனாலும் டெஸ்ட் எடுத்தா கூடுதலாத்தான் காட்டுது" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காபி டம்ளரைத்தான்.

குடலில் என்ன நடக்கிறது?

தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு டாக்டர்கள் தருவது தைராக்சின் மாத்திரை. எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று பல பெயர்களில் மெடிக்கல் கடையில் கிடைப்பது எல்லாம் இதே மருந்துதான். 25, 50, 75, 100 என்று பாட்டிலில் போட்டிருப்பது மைக்ரோகிராம் அளவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவு என்பதால் கொஞ்சம் குறைந்தாலும் உடம்பில் தெரிந்துவிடும்.

வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினாலே முழு மருந்தும் ரத்தத்தில் சேராது. 60 முதல் 80 சதவீதம்தான் சிறுகுடல் வழியாக உள்ளே போகும். மாத்திரை இரைப்பையில் கரைந்து, சிறுகுடலுக்குப் போய், அங்கே உறிஞ்சப்பட நேரம் வேண்டும். அதற்குள் காபி போய்ச் சேர்ந்தால், காபியில் உள்ள பொருட்கள் மருந்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காபி குடலை வேகமாக இயங்க வைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். காபி குடித்ததும் சிலருக்கு வயிறு கலக்குவது தெரிந்த விஷயம்தானே. உறிஞ்சப்படாத மருந்து மலத்தோடு வெளியேறி விடும்.

இத்தாலியில் நடந்த சோதனை

இதைக் கண்டுபிடித்தது காபிக்குப் பேர்போன இத்தாலி நாட்டில். மெசினா நகர டாக்டர் சால்வட்டோரே பென்வெங்காவும் அவரது குழுவினரும் 2008-ம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் கட்டுக்குள் வராத 8 நோயாளிகளின் கதை அதில் இருந்தது. விசாரித்ததில், மாத்திரையை அவர்கள் காபியோடு சேர்த்தோ, போட்ட சில நிமிடத்தில் காபி குடித்தோ வந்தது தெரிந்தது.

பிறகு நோயாளிகளுக்கும், ஆரோக்கியமான சிலருக்கும் 3 விதமாக மாத்திரை கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். முதலில் தண்ணீரோடு. அடுத்து காபியோடு. மூன்றாவதாக, தண்ணீரோடு விழுங்கி சரியாக 60 நிமிடம் கழித்து காபி.

காபியோடு கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த மருந்து 27 முதல் 36 சதவீதம் வரை குறைந்தது. சேர்வதும் சுமார் 40 நிமிடம் தாமதமானது. ஆனால் 60 நிமிடம் கழித்து காபி குடித்தபோது எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் மட்டும் குடித்ததற்குச் சமமாகவே இருந்தது. 1 மணி நேரம் பொறுங்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

50 மைக்ரோகிராம் மாத்திரையில் இது எவ்வளவு என்று பார்ப்போம். தண்ணீரில் போட்டால் தோராயமாக 35 உள்ளே போகும். காபியோடு போட்டால் 25 அளவுக்கு இறங்கி விடும்.

கடுங்காபியும் ஆகாது

"பால்தானே கெடுதல், நான் கடுங்காபிதான் குடிக்கிறேன்" என்று சிலர் நினைக்கலாம். இத்தாலிக்காரர்கள் குடித்தது பால் அதிகம் இல்லாத கெட்டிக் காபி. அதிலேயே இவ்வளவு குறைந்தது. நம்மூர் காபியில் பாதிக்கு மேல் பால். பாலில் உள்ள கால்சியமும் இந்த மருந்தைத் தடுக்கும். ஆக, நம்மூர் டம்ளரில் தடை இரண்டு. டீக்கும் அதே 1 மணி நேரக் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது.

ஷிப்ட் வேலைக்கு எப்படி?

காலை 6 மணி ஷிப்டுக்கு ராஜபாளையம் மில்லுக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 4 மணிக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரை. அதன்பிறகு சமையல், குளியல், பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவது. 5 மணிக்குக் காபி. மாத்திரை பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் போதும். அடுப்படியில் வைத்தால் காபி போடும்போதுதான் ஞாபகம் வரும். அடுப்புச் சூடும் மாத்திரைக்கு ஆகாது.

நைட் ஷிப்ட் வாரத்தில் சிக்கல் வரும். அப்போது வேலை முடிந்து வீடு வந்ததும் மாத்திரை, 1 மணி நேரம் கழித்துக் காபி, டிபன். ஆனால் வேலை முடிவதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் மில் கேன்டீனில் டீ, வடை சாப்பிட்டிருக்கக் கூடாது.

காலைக் காபியை விடவே முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது மாத்திரை போடலாம். நெதர்லாந்தில் 2010-ல் வெளியான ஆய்வில், இப்படிப் போட்டவர்களுக்கு மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 9 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குப் படுப்பவர்களுக்கு இது சரிப்படாது. மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பழக்கத்தை மாற்றும்போது கவனம்

இதைப் பலரும் கவனிப்பதில்லை. பல வருடமாகக் காபியோடு மாத்திரை போட்டு வந்தவருக்கு டி.எஸ்.எச். கூடுதலாகக் காட்டியதால், டாக்டர் 50-ல் இருந்து 75, 100 என்று ஏற்றியிருப்பார். அந்த 100 என்பது காபி திருடியது போக மீதிக்காகக் கொடுத்த அளவு. இப்போது திடீரென்று காபியைத் தள்ளி வைத்தால் முன்பை விடக் கூடுதல் மருந்து உள்ளே போகும். அது அதிகமாகி விடலாம்.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை குறைவது, அதிக வியர்வை ஆகியவை அதன் அடையாளம். வயதானவர்களும் இதய நோய் உள்ளவர்களும் அலட்சியமாக இருக்கக் கூடாது. எனவே நேரத்தை மாற்றும்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டு, 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன்னால் செய்து பயனில்லை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும், புது அளவு நிலைப்பட வாரக்கணக்கு வேண்டும். அதே காரணத்தால், என்றாவது ஒரு நாள் அவசரத்தில் காபி முந்திவிட்டால் பயப்பட வேண்டாம். தினமும் நடந்தால்தான் பாதிப்பு.

சத்து மாத்திரைக்கு 4 மணி நேரம்

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இந்த மருந்தைத் தடுக்கும். இவற்றுக்கு 1 மணி நேரம் போதாது, 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை போட்டால் சத்து மாத்திரைகளை மதியமும் இரவும் வைத்துக்கொள்ளலாம். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளுக்கும் இதே 4 மணி நேரக் கணக்குத்தான்.

காலையில் மறந்து போனால், அன்றைக்கே சாப்பிட்டு 3 மணி நேரம் ஆன ஒரு வேளையில் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கம்போல ஒன்று மட்டும் போட வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான்.