சராசரி மறைக்கும் தாமதம்: டெலிவரிப் பதிவேட்டிலிருந்து மறு ஆர்டர் மட்டம் காணல்

சரக்குக் கட்டுப்பாட்டுப் பாடநூல்கள் எல்லாவற்றிலும் ஒரு சூத்திரம் உண்டு. அன்றாடத் தேவையும் சப்ளையர் எடுத்துக்கொள்ளும் காலமும் இரண்டுமே மாறக்கூடியவை என்றால், எந்த இருப்பில் அடுத்த ஆர்டரைப் போட வேண்டும் என்பதை அது சொல்கிறது:

```
R = d·L + z·√(L·σd² + d²·σL²)
```

இதில் R மறு ஆர்டர் மட்டம். d ஒரு நாளின் சராசரித் தேவை, L சராசரி வழங்கல் காலம், σd, σL இரண்டும் அவற்றின் திட்ட விலக்கங்கள். z என்பது எவ்வளவு உறுதி வேண்டும் என்பதைப் பொறுத்தது. 95 விழுக்காட்டுக்கு 1.645. கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் பகுதிதான் காப்பு இருப்பு. சூத்திரத்தில் கணிதப் பிழை இல்லை. ஆனால் பழைய டெலிவரிகளின் பதிவேடு கையில் இருக்கும்போது, அதிலிருந்து சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் பிழிந்தெடுத்து இதில் போடுவது, பதிவேடு சொல்லவரும் முக்கியமான செய்தியைத் தூக்கி எறிவதாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மருத்துவமனை மருந்துக் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பொருள், நரம்பு வழி ஏற்றும் 500 மில்லி சலைன் பாட்டில். கணக்கைப் பின்தொடர வசதியாக எண்கள் இங்கே அமைத்துக்கொள்ளப்பட்டவை. நாளுக்குச் சராசரியாக 40 பாட்டில் செலவாகிறது. திட்ட விலக்கம் 12. ஒரு ஆர்டருக்கு 1,200 பாட்டில், அதாவது சுமார் ஒரு மாதத் தேவை. கடைசி 20 ஆர்டர்கள் வந்துசேர எடுத்த நாட்களை ஏறுவரிசையில் அடுக்கினால் இப்படி இருக்கிறது: 7, 8, 8, 9, 9, 9, 10, 10, 10, 10, 11, 11, 11, 12, 12, 20, 22, 23, 24, 24.

சராசரி 13 நாள். இந்தப் பட்டியலில் 13 நாளில் வந்த ஆர்டர் ஒன்றுகூட இல்லை. 12-க்குப் பிறகு அடுத்த எண் 20 தான்.

வழங்கல் காலம் மாறுவதைக் கண்டுகொள்ளாமல் 13 நாள் என்று நிலையாக வைத்துக்கொள்ளும் கிடங்குகள் ஏராளம். அப்படிச் செய்தால் காப்பு இருப்பு 71 பாட்டில், மறு ஆர்டர் மட்டம் 591. காகிதத்தில் இது 95 விழுக்காடு உறுதி. நடப்பதோ வேறு. சப்ளை 20 நாளோ அதற்கு மேலோ ஆகும் ஒவ்வொரு முறையும் கிடங்கு காலியாகும். 20 ஆர்டரில் 5 அப்படிப்பட்டவை என்பதால், நான்கில் ஒரு முறை சலைன் தீர்ந்துபோகும். சரக்கு 23 நாளில் வந்தால் 591 பாட்டில் பதினைந்தாம் நாளோடு முடிந்து, எட்டு நாள் ஒரு பாட்டில்கூட இருக்காது.

முழுச் சூத்திரம் இதைச் சரிசெய்ய முயல்கிறது. வழங்கல் காலத்தின் திட்ட விலக்கம் 5.9 நாள். வர்க்கமூலத்துக்குள் தேவையின் ஏற்ற இறக்கத்தால் வருவது 1,872. சப்ளையின் ஏற்ற இறக்கத்தால் வருவது ஏறத்தாழ 55,000. தேவையைத் துல்லியமாகக் கணிக்கப் படாதபாடு படும் நிர்வாகங்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேவையை அப்பழுக்கில்லாமல் கணித்துவிட்டால்கூட காப்பு இருப்பு 393-லிருந்து 387-க்குத்தான் இறங்கும். சுமை முழுவதும் சப்ளையர் பக்கம் இருக்கிறது.

ஆக மறு ஆர்டர் மட்டம் 913. ஆனால் இதுவும் வாக்கைக் காப்பாற்றவில்லை. 20 பதிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அத்தனை நாளில் தேவை 913-ஐத் தாண்டும் வாய்ப்பைக் கணக்கிட்டுச் சராசரி பார்த்தால், தட்டுப்பாட்டு வாய்ப்பு 12 விழுக்காடு வருகிறது. சூத்திரம் சொன்னது 5. உண்மையாகவே 5 வேண்டுமானால் மட்டம் ஏறத்தாழ 980 ஆக வேண்டும். ஆண்டுக்கு 12 ஆர்டர் போடும் கிடங்கில் 12 விழுக்காடு என்றால் இரண்டு ஆண்டில் மூன்று தட்டுப்பாடு. 5 விழுக்காடு என்றால் இருபது மாதத்துக்கு ஒன்று. நோயாளிக்குச் சலைன் ஏற்றும் இடத்தில் இது சிறிய வித்தியாசம் அன்று.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? z-இன் மதிப்பு இயல்நிலைப் பரவலிலிருந்து எடுக்கப்பட்டது. அது நடுவில் உயர்ந்து இருபுறமும் சீராகச் சரியும் ஒற்றை மேடு. மேலே உள்ள பட்டியலிலோ இரண்டு மேடுகள்: ஒன்று 10 நாளைச் சுற்றி, மற்றொன்று 23 நாளைச் சுற்றி. நடுவில் வெறுமை. கேரி எப்பனும் கிப் மார்ட்டினும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வழங்கல் காலம் மாறும்போது இயல்நிலை அனுமானம் எவ்வளவு தவறான இடத்துக்குக் கொண்டுபோகும் என்பதைத் தெளிவாகக் காட்டியது. அதன் பிறகும் நடைமுறையில் பெரும்பாலும் பழைய சூத்திரமே ஓடுகிறது.

இரண்டு மேடுகளுக்கு இடைப்பட்ட வெறுமைக்கு ஒரு விசித்திரமான விளைவு உண்டு. மட்டத்தை 550-இல் வைத்தால் தட்டுப்பாட்டு வாய்ப்பு 25.5 விழுக்காடு. 700-க்கு உயர்த்தினால் 24.8. நூற்றைம்பது பாட்டில் கூடுதலாக அடுக்கியும், அதற்கான பணத்தை முடக்கியும், கிடைக்கும் பாதுகாப்பு ஒரு விழுக்காடுகூட இல்லை. நேரத்துக்கு வரும் ஆர்டர்களுக்கு 550-ஏ தாராளம். தாமதமாக வருபவற்றுக்கு 700-உம் போதாது. ‘கொஞ்சம் கூட்டி வைப்போம்’ என்று ஸ்டோர் பொறுப்பாளர் எடுக்கும் முன்னெச்சரிக்கை பல இடங்களில் இந்தப் பயனற்ற இடைவெளியில்தான் விழுகிறது. பதிவேட்டின் வடிவத்தைப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆகவே முதல் கேள்வி, அந்த ஐந்து ஆர்டர்களுக்கும் பொதுவாக என்ன இருந்தது என்பதே. சலைனைப் பொறுத்தவரை நம்பத்தகுந்த ஒரு காரணம் உற்பத்தியிலேயே இருக்கிறது. நரம்பு வழி ஏற்றும் திரவம் நுண்ணுயிரற்றது என்று உறுதிசெய்யும் சோதனையில், மாதிரியைக் குறைந்தது 14 நாள் வளர்ப்பு ஊடகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தியல் நெறிநூல்களின் விதி அது. சோதனை முடிந்த பேட்ச் சப்ளையரின் டிப்போவில் இருந்தால் பத்து நாளில் லாரி வந்துவிடும். டிப்போவில் இல்லையென்றால் புதிதாகத் தயாரான பேட்ச் சோதனை முடியும்வரை காத்திருக்கும். பட்டியலின் இரு குழுக்களின் சராசரி 9.8, 22.6 நாள், இடைவெளி ஏறத்தாழ 13. சோதனைக் காலத்துக்கு இவ்வளவு நெருங்கி வரும் எண்ணைக் கண்டால், தாமதமான ஐந்து பேட்ச்களின் தயாரிப்புத் தேதியை இன்வாய்ஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடமை. ஆர்டர் போட்ட பிறகே அவை தயாராகியிருந்தால் ஐயம் தீர்ந்தது.

காரணம் தெரிந்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. இங்கே இருப்பது பெரிதாக ஊசலாடும் ஒரே வழங்கல் காலம் அன்று. ஓரளவு ஒழுங்கான இரண்டு வழங்கல் காலங்கள். முதல் குழுவை மட்டும் எடுத்தால் திட்ட விலக்கம் 1.5 நாள்தான். 95 விழுக்காட்டுக்கு மறு ஆர்டர் மட்டம் 507. ஒற்றை மேடு என்பதால் இங்கே பழைய சூத்திரமும் சரியாகவே விடை தருகிறது. இரண்டாம் குழுவுக்கு மட்டம் ஏறத்தாழ 1,035. ஆகவே இருப்பு 1,035-ஐத் தொடும்போது சப்ளையரிடம் சோதனை முடிந்த பேட்ச் கையிருப்பில் உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அன்றே ஆர்டர். உண்டு என்றால் 507 வரை காத்திருக்கலாம். அந்த இடைவெளி ஏறத்தாழ 13 நாள் என்பதால், அதற்குள் பேட்ச் வேறொருவருக்குப் போய்விடாதபடி ஒதுக்கிவைக்கச் சொல்லவும் வேண்டும். ஒதுக்க மறுத்தால் இந்த முறை செல்லாது, 980 என்ற ஒற்றை மட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

ஆர்டர் போட்ட பிறகும் பதிவேடு பேசும். பதின்மூன்றாம் நாள் சரக்கு வராவிட்டால், ‘சராசரி ஆகிவிட்டது, இன்றோ நாளையோ வரும்’ என்று நினைப்பது இயல்பு. இந்தப் பட்டியல் சொல்வது நேர் எதிரானது: 12 நாளைத் தாண்டிய எந்த ஆர்டரும் 20-க்கு முன் வந்ததில்லை. உள்ளூர் மொத்த விற்பனையாளரிடம் அவசரக் கொள்முதல் செய்ய வேண்டிய நாள் பதின்மூன்றாம் நாளே தவிர, கடைசிப் பெட்டியைப் பிரிக்கும் நாள் அன்று.

இவ்வளவும் பதிவேடு நம்பகமாக இருந்தால்தான். முதலில் தேதிகள். பர்ச்சேஸ் ஆர்டர் கையெழுத்தான நாள் முதல், சரக்கை வார்டுக்கு வழங்கலாம் என்று அனுமதி கிடைத்த நாள் வரைதான் வழங்கல் காலம். லாரி வாசலுக்கு வந்த நாள் அதன் முடிவு ஆகாது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குகளில், வந்திறங்கிய மருந்தின் மாதிரி ஆய்வகத்துக்குப் போய், தேறியதாக அறிக்கை வந்த பிறகே மருத்துவமனைகளுக்கு வழங்கப்படுகிறது. இத்தகைய முறை உள்ள இடத்தில் இறங்கிய தேதியை மட்டும் குறித்தால், சோதனைக்கான நாட்கள் கணக்கில் ஏறாமலே போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, இன்னும் வராத ஆர்டர்கள். டெலிவரி தேதி காலியாக இருக்கும் வரிகளை நீக்கிவிட்டுக் கணக்கிடுவது எங்கும் பழக்கம். ஆனால் இன்று நிலுவையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தாமதமானவையே; அவற்றை நீக்கினால் சப்ளையர் உண்மையில் இருப்பதைவிட வேகமானவராகத் தெரிவார். ‘குறைந்தது 18 நாள், இன்னும் வரவில்லை’ என்ற அரைகுறைத் தகவலையும் முறையாகச் சேர்த்துக்கொள்ளும் வழியை, கப்லானும் மேயரும் 1958-இல் வகுத்தளித்தார்கள். அது டெலிவரிகளுக்கும் அப்படியே பொருந்தும். எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு: தொலைபேசியில் நெருக்கி வரவழைத்த ஆர்டர்கள் பதிவேட்டில் வேகமானவையாக நிற்கும். நெருக்காவிட்டால் அவை எவ்வளவு நாள் எடுத்திருக்கும் என்பது தெரியாது என்பதால், அவற்றுக்குத் தனிக் குறியீடு வேண்டும்.

இருபது பதிவு போதுமா என்ற கேள்வியும் நியாயமானதே. 20-இல் 5 தாமதம் என்பதிலிருந்து, உண்மையான தாமத விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 49 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் 95 விழுக்காட்டு நம்பக எல்லை. ஆகவே 980 என்ற எண்ணைக் கல்வெட்டாகக் கொள்ளக் கூடாது. ஆனால் இந்த ஐயம் 913-ஐயும் அதே அளவு பாதிக்கிறது. சூத்திரம் அதை வெளியே காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

சப்ளையர் பேட்சை ஒதுக்கிவைக்க ஒப்புக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். மறுநாளே மட்டத்தை 507-க்கு இறக்கலாமா? தாமத விகிதம் உண்மையில் குறையாமல் பழைய 25 விழுக்காட்டிலேயே இருந்தாலும், அடுத்த ஐந்து ஆர்டர்கள் தற்செயலாக நேரத்துக்கு வந்துவிடும் வாய்ப்பு 24 விழுக்காடு. பத்து ஆர்டர்கள் தொடர்ந்து அப்படி வரும் வாய்ப்பு 6 விழுக்காட்டுக்கும் கீழே. ஆகவே ஒப்புதலை நம்பத் தொடங்கப் பத்து தடையற்ற டெலிவரிகளாவது வேண்டும். மாதம் ஒரு ஆர்டர் போடும் இந்தக் கிடங்குக்கு அது பத்து மாதம். அதுவரை 980-இல் நிற்பதும், வரும் ஒவ்வொரு பேட்சின் தயாரிப்புத் தேதியையும் டெலிவரி தேதிக்குப் பக்கத்திலேயே ஒரு புதிய பத்தியில் எழுதி வருவதும்தான் செய்ய வேண்டியவை.