வீக்கத்தை வற்றவைத்த மருந்தும் அதன் எச்சரிக்கையும் பிறந்த கதை

1929இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரோசெஸ்டர் நகர மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்தார். முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி தணிந்துவிட்டது. கருவுற்ற பெண்கள் சிலருக்கும் அப்படித் தணிவதை அவர் பின்னர் பார்த்தார். உடலே ஏதோ ஒன்றைச் சுரந்து வலியை அடக்குகிறது என்று நம்பித் தேடத் தொடங்கினார். அதே நிறுவனத்தில் அட்ரினல் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்த எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்த ஒரு பொருள்தான் அதற்கு விடையானது. மெர்க் நிறுவனம் மாட்டுப் பித்தத்திலிருந்து அதைச் சிறிதளவு தயாரித்துத் தந்தது. 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 மி.கி. ஊசியாகப் போட்டார்கள். படுக்கையிலிருந்து எழவே திணறியவர் சில நாட்களில் நடந்து கடைவீதிக்குப் போனார். அந்தப் பொருள்தான் கார்ட்டிசோன். 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடியூஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்தப் பெண்ணின் மூட்டில் வற்றிய வீக்கம், உடல் தன் காவலர்களான வெள்ளணுக்களை ஓரிடத்துக்கு அனுப்பியதால் உண்டானது. மருந்து காவலர்களை எங்கும் திருப்பி அனுப்பிவிடும், நல்ல இடம் கெட்ட இடம் என்று பார்க்காது. 1950களிலேயே இதற்கான விலை தெரிந்துவிட்டது. கார்ட்டிசோன் எடுத்தவர்களிடம் ஆறிக்கிடந்த காசநோய் மீண்டும் கிளம்பியது. கார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு எடுத்துவந்த சில குழந்தைகளைச் சாதாரணமாகப் போய்விடும் சின்னம்மை கொன்றது. எச்சரிக்கை பிறந்தது அங்கேதான்.

காசநோய்க் கிருமி உள்ளே புகுந்த பலருக்கு நோய் வருவதில்லை. பெருவிழுங்கு செல்களும் டி செல்களும் கிருமியைச் சூழ்ந்து சிறு முடிச்சாகக் கட்டி வைத்துவிடுகின்றன. முடிச்சுக்குள் கிருமி சாகாமல் பல ஆண்டுகள் கிடக்கலாம். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இப்படிச் சுமக்கிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஸ்டீராய்டால் டி செல்கள் குறைந்து, அவற்றின் சமிக்ஞைகளும் தளர்ந்தால் முடிச்சு அவிழலாம். கார்ட்டிசோனின் வழிவந்த ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 15 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒரு மாதமோ கூடுதலாகவோ எடுப்பவருக்கு இந்த ஆபத்து கணிசமாக உயர்கிறது.

தோலில் கொப்புளங்கள் வெடிக்கும் பெம்ஃபிகஸ் நோயோடு 45 வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 மி.கி. பிரெட்னிசோலோன் பல மாதங்களுக்குத் தேவை. அது தொடங்கும் நாளிலேயே மார்பு எக்ஸ்ரே எடுத்து, முன்கையில் மாண்டூ ஊசி போடுவது நல்லது. ஸ்டீராய்டு ஊறிய பிறகு சோதித்தால் காவலர்களே ஓய்ந்திருப்பதால், கிருமி இருந்தும் தோல் தடிக்காமல் போகலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பு 8 மி.மீ. இருக்கிறது. மற்றவர்களிடம் பொதுவாக 10 மி.மீ.தான் அளவுகோல்; இவரைப் போன்றவர்களுக்கு 5 மி.மீ. போதும். இருமல், காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். எனவே இது நோயல்ல, உறங்கும் தொற்று. ஐசோநயாசிட் 6 மாதம், கூடவே பைரிடாக்ஸின். குமட்டலோ, சிறுநீர் கருத்தோ, கண் மஞ்சளாகவோ தெரிந்தால் மாத்திரையை நிறுத்திக் கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

சில தடுப்பூசிகளில் எச்சரிக்கை தேவைப்படுவதும் இதே காரணத்தால்தான். சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளிலும், மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்திலும், பிசிஜியிலும் வலுக்குறைத்த உயிருள்ள கிருமி இருக்கிறது. காவல் குறைந்த உடலில் அதுவே நோயாக வளரலாம். பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல் இரண்டு வாரம் எடுத்தவர், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதம் இவற்றைப் போட்டுக்கொள்ளக்கூடாது. நம் நோயாளிக்குச் சின்னம்மை வந்ததே இல்லை. ஆனால் தடுப்பூசி போட்டுவிட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கொப்புளங்கள் காத்திருக்காது. ஆகவே வீட்டுக் குழந்தைகளுக்கு ஊசி போடுவது அவரையும் காக்கும். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் அவர் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உயிரற்ற ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் அவருக்குப் பாதுகாப்பானவை, பலன் சற்றுக் குறையலாம் என்பது மட்டுமே.

இவ்வளவும் செய்தும் காசநோய் வந்தால் அது மறைந்தே வரும். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கும், பசியைத் தூண்டி எடையையும் கூட்டும். அதனால் மெலிவு தெரியாது. இரண்டு வாரம் நீடிக்கும் இருமல், இரவு வியர்வை, காரணமில்லாத அசதி ஆகியவற்றில் எது வந்தாலும் சளியைப் பரிசோதிக்க வேண்டும். பயந்துபோய் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உறங்கிப்போன அட்ரினல் சுரப்பி உடனே விழிக்காது. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

காசநோய் சிகிச்சையின் ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கி, பிரெட்னிசோலோனை வேகமாக உடைக்கச் செய்கிறது. அதே 40 மி.கி. இப்போது பாதியாக வேலை செய்யலாம். இது தெரியாவிட்டால், கொப்புளங்கள் திரும்பி வரும்போது நோய் முற்றியதென்றே தோன்றும். ரிஃபாம்பிசின் தொடங்கும்போதே ஸ்டீராய்டின் அளவை மருத்துவர் உயர்த்துவார். ரிஃபாம்பிசின் முடிந்த சில வாரங்களில் திரும்பக் குறைப்பார்.