டிரஸ்ட் பதிவு ரினீவல்: பதிவாளருக்குக் கடிதம் கொடுத்தால் போதுமா? யாருக்கு, எப்போது, என்ன எழுத வேண்டும்?

"எங்க டிரஸ்ட் பதிவைப் புதுப்பித்துத் தர வேண்டுகிறோம். ஆண்டுக் கணக்குகள் அனைத்தும் முறையாகத் தாக்கல் செய்துள்ளோம்." இப்படி ஒரு கடிதத்தை டைப் செய்து, பத்திரம் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடும் டிரஸ்ட்கள் உண்டு. உண்மையில் ரினீவல் நடக்க வேண்டிய இடம் வேறு. அங்கே கெடு தவறினால், டிரஸ்ட்டின் சொத்து மீதே வரி விழும். எப்படி என்று பார்ப்போம்.

சார்பதிவாளரிடம் ரினீவல் உண்டா?

கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு அறக்கட்டளை தொடங்கும்போது, அதன் பத்திரம் 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்படுகிறது. வீட்டுப் பத்திரம் போலத்தான் இதுவும். ஒருமுறை பதிந்தால் அது காலாவதி ஆகாது. ஆண்டுக் கணக்கையும் அங்கே கொடுக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அறநிலைய ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் எல்லா அறக்கட்டளைகளுக்கும் பொதுவாக அப்படி ஒரு அலுவலகம் இல்லை.

சார்பதிவாளரிடம் போக வேண்டியது வேறு வேலைகளுக்கு. பத்திரம் தொலைந்தால் சான்றிட்ட நகல் வாங்கலாம். பத்திரத்தில் மாற்றம் செய்ய அனுமதி இருந்தால் துணைப் பத்திரம் பதியலாம்.

அப்போ "பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கு" என்பது எங்கிருந்து வந்தது?

சங்கங்களிடமிருந்து. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிந்த அமைப்புகள், ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியல், அந்த ஆண்டில் சங்கம் செயல்பட்டது என்ற உறுதிமொழி ஆகியவற்றைத் தாக்கல் செய்ய வேண்டும். பேச்சு வழக்கில் இதையும் "ரினீவல்" என்றே சொல்வார்கள்.

ஆகவே முதலில் உங்கள் சான்றை எடுத்துப் பாருங்கள். அது அறக்கட்டளைப் பத்திரமா, சங்கப் பதிவுச் சான்றிதழா? பெயரில் "டிரஸ்ட்" என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

டிரஸ்ட்டுக்கு எது காலாவதி ஆகும்?

வருமான வரித் துறையின் பதிவு. 12ஏ பதிவு முன்பு வாழ்நாள் முழுக்க செல்லும். 2021 ஏப்ரல் 1 முதல் அது மாறியது. பழைய டிரஸ்ட்கள் எல்லாம் மறுபடி விண்ணப்பித்து, 5 ஆண்டுக்கான 12ஏபி பதிவை வாங்கின. அப்படி வாங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த 5 ஆண்டு 2026 மார்ச் 31-ல் முடிந்தது. காலாவதிக்கு 6 மாதம் முன்பே ரினீவலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதாவது கடைசி நாள் 2025 செப்டம்பர் 30.

நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி அனுமதி தனி. அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம்

வெம்பக்கோட்டை பகுதியில் ஒரு டிரஸ்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டாசு ஆலை விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அது ஏற்கிறது. ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் நன்கொடை வருகிறது. மாலை நேர வகுப்புக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இருக்கிறது. இன்றைய சந்தை மதிப்பு 40 லட்சம். கடன் எதுவும் இல்லை.

இவர்கள் சார்பதிவாளருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, வருமான வரி ரினீவலை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 2023-ல் வந்த திருத்தப்படி, உரிய காலத்தில் விண்ணப்பிக்காத டிரஸ்ட், அறக்கட்டளைத் தகுதியை இழந்ததாகவே கருதப்படும். அதன் சொத்து மதிப்பில் கடனைக் கழித்து, மீதிக்கு உச்ச விகிதத்தில் வரி போடலாம். அடிப்படை விகிதம் 30 சதவீதம் என்று மட்டும் கணக்கிட்டாலே 12 லட்சம். சர்சார்ஜ், செஸ் தனி. அந்த ஆண்டு வருமானமே இல்லாவிட்டாலும் இந்த வரி உண்டு. டிரஸ்ட் கட்டாவிட்டால் அறங்காவலர்களிடம் வசூலிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பிள்ளைகளின் இரண்டு வருட படிப்புச் செலவு, ஒரு கெடு தவறியதால் போய்விடும்.

சரியான விண்ணப்பம் எப்படி?

ரினீவல் விண்ணப்பம் படிவம் 10ஏபி. வருமான வரி இணையதளத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். அது போவது வருமான வரி ஆணையர் (விலக்குகள்) அலுவலகத்துக்கு. அவர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். அதற்குப் பதிலாகத் தரும் கடிதத்தில்தான் "ஆண்டுக் கணக்குகள் தாக்கல் செய்துள்ளோம்" என்ற உறுதி தேவைப்படும். அந்த வரியை மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதுங்கள்:

"ஐயா, எங்கள் அறக்கட்டளையின் 12ஏபி பதிவு 31.03.2026-ல் முடிவதால் புதுப்பிக்கக் கோரி படிவம் 10ஏபி தாக்கல் செய்துள்ளோம். கடந்த 3 நிதியாண்டுகளுக்கான ஐடிஆர்-7, தணிக்கை அறிக்கை படிவம் 10பிபி, நன்கொடை விவரம் படிவம் 10பிடி ஆகியவற்றைத் தாக்கல் செய்த தேதியும் ஒப்புகை எண்ணும் ஆண்டுவாரியாக இணைப்பு 1-ல் உள்ளன. பத்திரத்தின் நோக்கங்களில் மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை. ஒவ்வொரு ஆண்டும் நடந்த பணிகளும் செலவும் இணைப்பு 2-ல் உள்ளன."

ஒப்புகை எண்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். இணையதளத்தில் e-File > Income Tax Forms > View Filed Forms என்ற இடத்தில் பார்த்து எடுங்கள். ஆடிட்டர் அறிக்கையை ஏற்றியிருப்பார், டிரஸ்ட் தரப்பில் அதை ஏற்றுக்கொண்டு ஒப்புதல் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் தாக்கல் முடியவில்லை என்று அர்த்தம். இந்தத் தவறு அங்கே பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, தணிக்கைப் படிவம். வருமானம் 5 கோடிக்கு மேல் இருந்தாலோ, வெளிநாட்டு நன்கொடை வாங்கினாலோ 10பி போட வேண்டும். நம் உதாரண டிரஸ்ட்டுக்கு 10பிபி போதும். படிவம் மாறிப் போயிருந்தால், ஆணையர் கேட்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

கெடு தவறியவர்களுக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. 12ஏபி விண்ணப்பம் தாமதமானதற்கு நியாயமான காரணம் இருந்தால், தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 2024 அக்டோபர் 1 முதல் ஆணையருக்குத் தரப்பட்டது. மன்னித்தால், உரிய காலத்தில் விண்ணப்பித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். சொத்து வரி ஆபத்தும் அதோடு விலகும். ஆனால் இது அவர் முடிவு. "தெரியாமல் விட்டுவிட்டோம்" என்று மட்டும் எழுதாமல், தாமதம் எப்படி நடந்தது என்பதைத் தேதிவாரியாக எழுதி, ஆதாரம் இணைக்க வேண்டும். சார்பதிவாளரிடம் தவறாகக் கொடுத்த கடிதத்தின் நகலும் முத்திரையோடு இருந்தால், அதையும் சேர்க்கலாம்.

அடுத்த ரினீவல் எப்போது?

விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய 2 ஆண்டுகளிலும் மொத்த வருமானம் 5 கோடியைத் தாண்டாத டிரஸ்ட்களுக்கு, 2025 ஏப்ரல் முதல் பதிவுக் காலம் 10 ஆண்டாக உயர்த்தப்பட்டது. நம் உதாரண டிரஸ்ட்டும் இதில் வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மேலே சொன்ன பிரிவு, படிவ எண்கள் 1961 சட்டத்தின்படி உள்ளவை. இனி விண்ணப்பிப்பவர்கள் இணையதளத்தில் புதிய படிவ எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு உத்தரவில் உள்ள முடிவுத் தேதியை இன்றே எடுத்து, அதற்கு 6 மாதம் முந்தைய தேதியை டிரஸ்ட்டின் தீர்மானப் புத்தகத்தில் குறித்து வைத்துவிடுங்கள். 10 ஆண்டில் அறங்காவலர்கள் மாறலாம். புதிதாக வருபவருக்கு அந்தத் தேதி தெரிய வேண்டும்.