விரலும் செவியும்: குருதியமுக்கம் அளந்த கதை

தெஹியோவிட்டவைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்த முதியவர்கள், இன்று மாதந்தோறும் வைத்தியசாலைக்குச் சென்று கையை நீட்டி அமர்கின்றனர். கையில் துணிப்பட்டை சுற்றப்படுகின்றது, காற்று ஏற்றப்படுகின்றது, இரண்டு எண்கள் அட்டையில் எழுதப்படுகின்றன. ‘பிரசர்’ என்று மக்கள் வழங்கும் குருதியமுக்கம் அவ்வளவே. அவ்விரு எண்களை நம்பியே மாத்திரை கூட்டப்படுகின்றது, குறைக்கப்படுகின்றது. ஆனால், முதுமையில் இறுகிப்போன நாடி அவ்வெண்களை இரு வேறு வழிகளில் பொய்யாக்க வல்லது. ஒரு வழியில் நோய் மறைகின்றது. மற்றொரு வழியில் இல்லாத நோய் தோன்றுகின்றது. இவ்விரு பிழைகளும் அறியப்பட்ட வரலாறு, அளவுகருவியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

கருவி தோன்றுமுன் வைத்தியருக்கு விரலே துணை. மணிக்கட்டு நாடியை அழுத்தி, துடிப்பை நிறுத்த எவ்வளவு வலிமை வேண்டியிருக்கின்றது என்பதைக் கொண்டு அமுக்கத்தை உய்த்துணர்ந்தனர். இம்முறையின் குறையை வில்லியம் ஒஸ்லர் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது மருத்துவப் பாடநூலில் எடுத்துக்காட்டினார். நாடி விரலுக்குக் கடினமாகத் தோன்றினால், அக்கடினம் உள்ளே ஓடும் குருதியால் வந்ததா, நாடிச் சுவரின் தடிப்பால் வந்ததா என்று பிரித்தறிவது அரிது. துடிப்பு நிற்கும்வரை அழுத்தியபின், அதற்கு அப்பால் நாடியைத் தடவிப் பார்க்க வேண்டும். மென்மையான நாடி குருதியற்றதும் தட்டையாகி விரலுக்கு அகப்படாது. இறுகிய நாடியோ வெறுமையான பின்னும் ஒரு கயிறுபோல உருண்டு தட்டுப்படும். அவ்வாறு தட்டுப்பட்டால், தடித்தது சுவரே என்று கொள்ளலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1896இல், இத்தாலியின் தூரின் நகரில் ரிவா-ரொச்சி என்னும் வைத்தியர், காற்றேற்றும் பட்டையை மேற்கையில் சுற்றி, இரசக் குழாயோடு இணைத்தார். பட்டை இறுகி மணிக்கட்டுத் துடிப்பு மறையும் வேளையில் இரசம் நிற்கும் உயரமே மேலெண். கீழெண்ணை இம்முறையால் அறிய இயலவில்லை.

அக்குறையைத் தீர்த்தவர் நிக்கொலாய் கொரொத்கொவ் என்னும் உருசிய அறுவை வைத்தியர். உருசிய - யப்பானியப் போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த அவர், சிதைந்த நாடியைக் கட்டிவிட்டால் கை கால் உயிரோடிருக்குமா என்பதை ஆராய்ந்து, நாடிகளின்மேல் செவிக்குழாயை வைத்துக் கேட்டுப் பழகியிருந்தார். 1905ஆம் ஆண்டில், சென் பீற்றர்ஸ்பேர்க் இராணுவ மருத்துவக் கழகத்தில் ஒரு சிற்றறிக்கை அளித்தார். பட்டையை முற்றும் இறுக்கினால் ஓசை இல்லை. சிறிது தளர்த்தினால் குருதி பீறிட்டுப் பாயும் ஓசை தொடங்கும், அதுவே மேலெண். மேலும் தளர்த்தினால் ஓசை அடங்கும், அதுவே கீழெண். ஒரு பக்கத்திற்குள் அடங்கிய இக்குறிப்பே உலகெங்கும் வழக்கமாயிற்று. விரலின் இடத்தைச் செவி பிடித்துக்கொண்டது.

ஆயினும் செவிக்கும் ஒரு பொறி காத்திருந்தது. சில முதியோரிடத்தில் ஓசை தொடங்கி, சிறிது தூரம் ஒலித்து, பின்பு முற்றும் மறைந்து, மேலும் கீழே மீண்டும் தோன்றுகின்றது. இடையிலுள்ள இம்மௌனத்தை ஓசை இடைவெளி எனலாம். போதிய கவனம் பெறாத ஒரு பிழை என்று இதனைக் குக், டவுசிக் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள் 1917ஆம் ஆண்டிலேயே எச்சரித்தனர்.

அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எழுபது வயதுத் தோட்டத்து மூதாட்டி ஒருவரின் உண்மையான அளவு 204க்கு 96 என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 182 முதல் 152 வரை ஓசை இல்லை. அளப்பவர் பட்டையை 170 வரை மட்டுமே ஏற்றுகின்றார். அங்கே ஓசையில்லை, ஆகவே மேலெண்ணைக் கடந்துவிட்டதாக எண்ணித் தளர்த்துகின்றார். 152இல் ஓசை கேட்கின்றது. அட்டையில் 152க்கு 96 என்று எழுதப்படுகின்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட வேறுபாடு ஒரே நொடியில் மறைந்துவிடுகின்றது. மாறாக, 220 வரை ஏற்றியவர், 182இல் ஓசை நின்றதும் அதையே கீழெண் என்று முடிவு செய்தால், 204க்கு 182 என்னும் நம்பவொண்ணாத அளவு கிடைக்கின்றது. இரண்டாவது பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். முதற்பிழையோ எவரும் ஐயுறாத வண்ணம் ஒளிந்துகொள்ளும்.

இதற்கு மருந்து பழைய விரலே. பட்டையை ஏற்றும்போது மணிக்கட்டுத் துடிப்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். செவிக்கு மௌனமாயுள்ள இடைவெளியிலும் துடிப்பு விரலுக்கு மறைவதில்லை. மேற்சொன்ன மூதாட்டியின் துடிப்பு 200ஐ நெருங்கியே மறையும். அங்கிருந்து இன்னும் 30 மில்லிமீற்றர் ஏற்றி, பின்பு மெல்லத் தளர்த்திக் கேட்டால் உண்மை வெளிப்படும். ரிவா-ரொச்சியின் முறை கொரொத்கொவின் முறைக்குக் காவலாய் நிற்கின்றது. இடைவெளியும் வெறும் தொல்லையன்று. 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அவ்விடைவெளி உள்ளோரிடம் நாடி இறுக்கமும், கழுத்து நாடியிற் படிவுகளும் மிகுதியாயிருந்தமையைக் கண்டது.

இனி, எதிர்ப்பக்கத்துப் பொய். நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அது குழாய்போல் விறைத்துவிட்டால், பட்டையின் அமுக்கம் குருதியை மட்டுமன்றிச் சுவரையும் வெல்ல வேண்டும். அந்த மிகையும் எண்ணோடு சேர்ந்துவிடும். இதுவே பொய்யான உயர் குருதியமுக்கம். 1985இல் மெசெர்லியும் அவருடன் உழைத்த இருவரும், 65 வயதைக் கடந்த 24 பேரை ஆராய்ந்து, ஒஸ்லரின் பழைய தடவற் சோதனையைப் பட்டைக் கருவிக்குப் பொருத்தினர். 13 பேருக்கு வெறுமையான நாடி விரலுக்குத் தட்டுப்பட்டது. அவர்களுடைய நாடிக்குள்ளேயே ஊசி செலுத்தி அளந்தபோது, பட்டை காட்டிய எண் உண்மையைவிட 10 முதல் 54 மில்லிமீற்றர் வரை கூடியிருந்தது. பட்டையே தோன்றாத காலத்தில் விரலுக்காகச் சொல்லப்பட்ட எச்சரிக்கை, 93 ஆண்டுகளின் பின் கருவிக்கு எச்சரிக்கையாயிற்று.

எனினும், பின்வந்த ஆய்வுகள் இச்சோதனைமேல் முழு நம்பிக்கை வைக்கலாகாது எனக் கண்டன. ஒருவர் தடவி உண்டென்பதை மற்றொருவர் இல்லை என்பார். அமுக்கம் உயராத முதியோரிடத்தும் நாடி தட்டுப்படுவதுண்டு. துடிப்பின் அதிர்வைக் கொண்டு அளக்கும் இக்கால மின்கருவியும் ஓசை இடைவெளிக்கு ஏமாறாதெனினும், விறைத்த நாடிக்கு ஏமாறக்கூடும். ஆதலால், வைத்தியர் வேறு அடையாளங்களையும் தேடுவர். பல ஆண்டுகளாக அளவு உயர்ந்திருந்தும் கண்ணிலோ, இருதயத்திலோ, சிறுநீரகத்திலோ சேதமில்லை. மாத்திரை கூடியும் எண் இறங்கவில்லை. ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றுகின்றது. இம்மூன்றும் சேர்ந்தால் ஐயம் வலுக்கின்றது. 190 என்று பட்டை காட்டும் முதியவரின் உண்மை அளவு 146 ஆயின், 190ஐ 140 ஆக்கும் முயற்சி அவரை லயத்தின் படியிலிருந்து விழச் செய்யும். இடுப்பெலும்பு முறிந்தால் வாழ்வே மாறிவிடும். ஐயத்தை முற்றும் தீர்ப்பது ஊசி அளவையே. அது பெரிய வைத்தியசாலைக்குரியது.

பொய்யான உயர்வு அரிது என்பதையும் மறத்தலாகாது. உயர்ந்த எண் காட்டும் முதியோரிற் பெரும்பாலோர்க்கு அவ்வுயர்வு மெய்யானதே. ஆகவே தலை சுற்றுகின்றதென்று தாமே மாத்திரையை நிறுத்துதல் ஆபத்தாகும். நின்ற நிலையிலும் அளந்து பார்க்குமாறு வைத்தியரிடம் கேட்பதே முறை. தெஹியோவிட்டவிலாயினும் வேறெங்காயினும், பட்டையை ஏற்றுபவரின் மற்றொரு கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்கின்றதா என்பது, அட்டையில் எழுதப்படும் எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைப் பெரிதும் முடிவு செய்துவிடுகின்றது.