மைல்ட் சிகரெட்டில் எது கம்மி?

1) போன வாரம் ஓபியில் ஒருத்தர் வந்தார். அய்யனார் கோவில் ரோட்டுப் பக்கம் மாந்தோப்பு காவல். மூணு வாரமா இருமல். "சிகரெட் உண்டாண்ணே?"ன்னு கேட்டேன். "முப்பது வருஷமா உண்டு சார். ஆனா பத்து வருஷமா மைல்ட் தான்" என்றார், பாதி விட்டுட்ட மாதிரி நிம்மதியோட. அந்த நிம்மதியை அவருக்கு யார் வித்தது? அதுதான் இந்த இழை.

2) 1950-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த ஆய்வுகள் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைச்சுக் காட்டின. ஜனங்க பயந்தாங்க. பயந்தவங்க விட்டுட்டா வியாபாரம் படுத்துடும். அதனால் "விட வேண்டாம், மாத்துங்க" என்று ஒரு வழி காட்டினாங்க. முதலில் ஃபில்டர், அப்புறம் 'லைட்', 'மைல்ட்'.

3) லைட் சிகரெட்டோட சூட்சுமம் புகையிலையில் இல்லை, பெரும்பாலும் ஃபில்டரில் இருக்கு. ஃபில்டரைச் சுத்தின காகிதத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் வரிசையா இருக்கும். இழுக்கும்போது அது வழியா வெளிக்காத்து உள்ளே போய் புகையோட கலக்கும். மோர்ல தண்ணி ஊத்தற மாதிரி.

4) தார் எவ்வளவுன்னு அந்தக் காலத்தில் அளந்தது ஒரு மெஷின். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, 2 விநாடி, 35 மில்லி. அவ்வளவுதான். மெஷினுக்கு விரலும் கிடையாது, உதடும் கிடையாது. ஓட்டை எல்லாம் திறந்தே இருக்கும், அளவு கம்மியா வரும். அந்த எண் விளம்பரத்தில் ஏறிடும்.

5) மனுஷன் அப்படி இழுக்க மாட்டான். அவனோட மூளை கேக்கறது நிகோடின். அது கம்மியானா, தன்னை அறியாமலே ஆழமா இழுப்பான், அடிக்கடி இழுப்பான், இன்னொண்ணு பத்த வைப்பான். விரலோ உதடோ அந்த ஓட்டைகளை மூடிடும். கடைசியில் நுரையீரலுக்குப் போறது ஏறக்குறைய பழைய அளவேதான். நுரையீரலின் ஓரங்களில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் கூடினதுக்கு இந்த ஃபில்டர் மாற்றமும் ஒரு காரணமா இருக்கலாம் என்று 2014-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை சொன்னது.

6) "பாவம், கம்பெனிக்கும் தெரியாம இருந்திருக்கும்"னு நினைக்கிறீங்களா? ஃபிலிப் மோரிஸ் 1970-களின் தொடக்கத்தில் மார்ல்போரோ லைட்ஸ் கொண்டுவந்தது. 1975-ல் அவங்க ஆய்வாளர்களே, சிலர் எப்படிப் புகைக்கிறாங்கன்னு கருவி வெச்சு அளந்தாங்க. லைட்ஸுக்கு மாறினவங்க பெரிய பெரிய இழுப்பா இழுத்து ஈடுகட்டிக்கிறாங்க, உள்ளே போற புகை குறையலைன்னு முடிவு வந்தது. அந்தக் காகிதம் உள்ளேயே இருந்தது. விளம்பரம் வெளியே ஓடிக்கிட்டே இருந்தது.

7) இது எப்படி வெளியே வந்துச்சு? மினசோட்டா மாநில அரசு போட்ட வழக்கு. 1998 மே மாதம் கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தாங்க. பணம் ஒரு பக்கம். சுமார் 3.5 கோடி பக்க உள் ஆவணங்கள் பொதுப் பார்வைக்கு வந்தது இன்னொரு பக்கம். அதற்காக மினியாபொலிஸில் ஒரு கிடங்கு, இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் ஒரு கிடங்கு.

8) கில்ஃபோர்டில் இருந்தது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாகோவின் காகிதங்கள். நம்ம ஐடிசியில் நீண்டகாலப் பெரிய பங்குதாரர் அந்தக் கம்பெனிதான். 1996-ல் நாம வாயைப் பிளந்து பார்த்த கிரிக்கெட் உலகக்கோப்பையின் பேரே 'வில்ஸ்' உலகக்கோப்பை, ஞாபகம் இருக்கா? அந்த லண்டன் கம்பெனியின் ஆய்வுக் குறிப்புகளில் 'எலாஸ்டிசிட்டி'ன்னு ஒரு சொல் வரும். மெஷினில் கம்மியா காட்டணும், ஆனா புகைக்கிறவன் வேணும்ங்கிற அளவுக்கு இழுத்தா அந்த அளவுக்குக் கொடுக்கணும். ரப்பர் மாதிரி.

9) 2006 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் ஆயிரம் பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுதினார். லைட்டில் பலன் இல்லைன்னு தெரிஞ்சேதான் ஆரோக்கியமானது போல வித்தாங்கன்னு அதில் இருக்கு. அந்தச் சொற்களுக்குத் தடையும் போட்டார். 2010-ல் அமெரிக்கப் பெட்டிகளிலிருந்து 'லைட்ஸ்' போச்சு. பதிலுக்கு 'கோல்டு' வந்துச்சு. சொல் போச்சு, நிறம் பேச ஆரம்பிச்சுது.

10) இந்தியாவிலும் புகையிலைப் பெட்டியில் இந்த மாதிரி சொற்கள் கூடாதுன்னு விதி வந்தாச்சு. ஆனா பெட்டிக்கடையில் "மைல்ட் ஒண்ணு குடுங்க"ன்னு இன்னிக்கும் கேக்குது. ஒரு தடவை மனசில் பதிஞ்ச சொல்லை எந்த அரசாணையாலும் அழிக்க முடியலை.

11) அந்த அண்ணன்கிட்ட பாக்கெட்டை வாங்கி ஒரு சிகரெட்டை வெளிச்சத்தில் பிடிச்சுக் காட்டினேன். "எங்க பிடிச்சு இழுப்பீங்க?" அவர் விரல் நேரா ஓட்டை மேலயே போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப எதுதான் சார் கம்மி?"

12) "எதுவும் இல்லைண்ணே, விடறதுதான்." ரெண்டு வாரம் தாண்டின இருமல் என்பதால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எழுதிக் கொடுத்தேன். கூடவே 1800-11-2356. புகையிலையை விட உதவும் தேசிய எண், கட்டணம் இல்லை. உங்க வீட்லயும் "மைல்ட் தான்"னு சொல்றவர் இருந்தா, முதல்ல அவர் விரல் எங்க இருக்குன்னு பாருங்க.